சராசரி சரியா வருது, மத்த மூணும் ஏன் உதைக்குது? (டென்த் புள்ளியியல்)

செல்வி_மதுரை · ஞாயிறு இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு டென்த் படிக்கிறா. ஸ்கூல்ல ஒரு பயிற்சித்தாள் குடுத்திருக்காங்க, 50 பேர் மார்க்கை பிரிவு பிரிவா போட்டு கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்டவிலக்கம் நாலையும் கேட்டிருக்காங்க. நான் படிச்சு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, பக்கத்துல உக்காந்து பாத்தாலும் எங்க தப்புன்னு பிடிபடல. அட்டவணை இதுதான்:

```
மார்க்     பேர்
1-10        4
11-20       8
21-30      14
31-40      18
41-50       6
```

அவ போட்டதுல சராசரி 28.3, அது கைடுல இருக்கிற விடையோட அப்படியே ஒத்துப்போகுது. ஆனா இடைநிலை அவளுக்கு 30.29 வருது, கைடுல 29.79. முகடு அவளுக்கு 38.5, கைடுல 33. திட்டவிலக்கம் அவளுக்கு 34.41, கைடுல 11.14. ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா சொல்றா, எனக்கே ஒப்பிச்சு காட்டுனா. சராசரி சரியா வந்திருக்குன்னா அட்டவணையைப் படிச்சதுல தப்பில்லன்னுதானே அர்த்தம், அப்புறம் மத்தது மட்டும் எப்படி போகும்? கைடு தப்பா இருக்குமோன்னு அவ அழாத குறை.

---

ஹரி_பத்தாம்வகுப்பு · 8:52

ஆன்ட்டி முகடு 18 தானே? இருக்கிறதுலயே பெரிய நம்பர் அதுதான். கைடும் தப்பு உங்க பொண்ணும் தப்பு 😅

---

பிரபு92 · 9:05

இடைநிலைல கைடுதான் தப்புன்னு நினைக்கிறேன் மேடம். 50 பேர் இருக்காங்க, இரட்டைப்படை, அப்ப நடு ஆள் (50+1)/2 = 25.5வது ஆள். கைடு வெறும் 25 வச்சு போட்டிருக்கும். 25.5 வச்சு போட்டா 30.14 வருது. நாங்க படிச்சப்ப n+1-தான் சொல்லிக்குடுத்தாங்க, பொண்ணுகிட்ட அதை செக் பண்ணச் சொல்லுங்க.

---

ஓய்வு_கணக்கு · 9:31

செல்வி மேடம், கைடு விடை நாலுமே சரி. உங்க பொண்ணு மூணு இடத்துல மூணு வேற வேற தப்பு பண்ணிருக்கா, அதான் ஒண்ணா சேத்துப் பாத்தா குழப்பமா இருக்கு. ஒண்ணொண்ணா எடுப்போம், முதல்ல இடைநிலை.

அவ விடையை அவ எழுதின அட்டவணைலயே வச்சுப் பாக்கச் சொல்லுங்க. இடைநிலை இருக்கிற பிரிவு 21-30ன்னு அவளே முடிவு பண்ணிருக்கா, அது சரி, ஏன்னா முதல் ரெண்டு பிரிவையும் கூட்டுனா 12 பேர், மூணாவதையும் சேத்தா 26, அதனால 25வது இடம் மூணாவது பிரிவுக்குள்ளதான் விழுது. ஆனா அவ விடை 30.29. 21-30ங்கிற பிரிவுக்குள்ள 30.29க்கு எங்க இடம்? வீட்டுக்குள்ள இருக்கிறவரைத் தேடிப் போய் வாசலுக்கு வெளிய கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு. எதுவும் தெரியாட்டாலும் இந்த ஒண்ணைப் பாத்தாலே எங்கயோ இடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

அவ என்ன பண்ணிருக்கான்னா கீழ் எல்லையா 21 போட்டு, பிரிவோட அகலமா 10 போட்டிருக்கா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. 21ல கிளம்பி 10 போனா 31ல போய் நிக்கும், அது அடுத்த பிரிவோட வீடு. 10க்கும் 11க்கும் நடுவுல, 20க்கும் 21க்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாத்தீங்களா, அதை ரெண்டு பக்கமும் பாதி பாதியா பிரிச்சுக் குடுக்கணும். அப்ப 21-30ங்கிறது 20.5-லேர்ந்து 30.5 வரைக்கும். இப்ப அகலம் 10 சரியா வருது.

```
L = 20.5,  N/2 = 25,  m = 12,  f = 14,  c = 10
20.5 + (25 - 12)/14 × 10 = 20.5 + 9.29 = 29.79
```

20.5க்குப் பதிலா 21 போட்டா சரியா அரை மார்க் ஏறி 30.29 வரும். இதுதான் அவளுக்கு நடந்தது. கைடுக்கும் அவளுக்கும் வித்தியாசம் கரெக்டா 0.5ன்னா வேற எங்கயும் தேட வேண்டாம், எல்லையைத் திருத்தலன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்.

---

செல்வி_மதுரை · 9:44

சார் புரிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா அவ கேக்கிறா, எல்லையைத் திருத்தாமலே சராசரி மட்டும் எப்படிம்மா சரியா வந்துச்சுன்னு. எனக்கும் அதான் கேள்வி.

---

ஓய்வு_கணக்கு · 9:58

நல்ல கேள்வி, பொண்ணு கெட்டிக்காரி. சராசரிக்கு எல்லை தேவையே இல்ல மேடம், பிரிவோட நடுப்புள்ளி மட்டும்தான் வேணும். 21-30க்கு நடு 25.5. 20.5-30.5க்கும் நடு அதே 25.5தான், ஏன்னா ஒரு பக்கம் அரை இறக்கி இன்னொரு பக்கம் அரை ஏத்துறோம், நடு நகராது. அதனால திருத்துனாலும் திருத்தாட்டாலும் சராசரி 28.3. திட்டவிலக்கத்துக்கும் இதே கதைதான், அங்கயும் நடுப்புள்ளி மட்டும்தான் உள்ள வருது. இடைநிலையும் முகடும் மட்டும்தான் பிரிவோட வாசப்படிலேர்ந்து நடந்து உள்ள போகுது, வாசப்படி தப்புன்னா போய்ச்சேர்ற இடமும் தப்பு.

அதனாலதான் சராசரி சரியா வந்தது உங்களை ஏமாத்திருச்சு. சராசரி சரியா இருக்கிறதை வச்சு அட்டவணையைச் சரியா படிச்சோம்னு சொல்ல முடியாது.

பிரபு தம்பி, உங்களுக்கு அப்புறம் வர்றேன். டிபன் ஆறிட்டிருக்கு.

---

யாழ்_நிலா · 10:10

எனக்கு விளங்கேல்ல, இடை 28.3 எண்டு சரியா வந்திட்டு எண்டு நீங்களே சொல்லுறீங்கள், பிறகு இடை 29.79 எண்டு வேற ஆள் சொல்லுறார். ஒரு அட்டவணைக்கு ரெண்டு இடை எப்பிடி வரும்?

---

செல்வி_மதுரை · 10:14

சராசரி 28.3ங்க, இடைநிலை 29.79. ரெண்டும் வேற வேற.

---

யாழ்_நிலா · 10:21

ஓ பிழை என்ரதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இலங்கைப் புத்தகத்தில சராசரியைத்தான் நாங்கள் இடை எண்டு படிக்கிறது. நீங்கள் இடைநிலை எண்டு சொல்லுறது எங்களுக்கு இடையம். முகடுக்கு ஆகாரம், திட்டவிலக்கத்துக்கு நியம விலகல். இடைநிலை எண்டு பார்த்த உடன இடை எண்டு வாசிச்சிட்டன்.

எங்களுக்கு இடையத்தை சூத்திரம் போட்டு எடுக்கிறதைவிட வளையி கீறி எடுக்கிறதுதான் கூடப் பழக்கம், திரள் மீடிறன் வளையி. அதில 25க்கு நேர கோடு போட்டுக் கீழ இறக்கினால் 30க்குக் கொஞ்சம் முன்னால வரும், அப்ப 29.79 சரிதான் போல. ஒரு விசயம், புள்ளிகளை பிரிவின்ர நடுவில வைக்கக்கூடாது, மேல் எல்லையில வைக்கோணும், 10.5ல 4, 20.5ல 12, 30.5ல 26 எண்டு. என்ர தம்பி நடுவில வச்சு 24.79 எடுத்திட்டு வந்து நிண்டவன், அஞ்சு குறைவு.

---

ஓய்வு_கணக்கு · 10:47

நிலாம்மா சொன்னது ரொம்பச் சரி. 12 பேர்ங்கிறது 20.5ஐத் தாண்டும்போதுதான் முழுசா சேருது, 15.5லயே சேந்துட்டதா காட்டுனா பாதி வகுப்பை முன்கூட்டியே உள்ள விட்ட மாதிரி. பாதிப் பிரிவு அகலம் 5, அதான் அஞ்சு குறைஞ்சிருக்கு.

இப்ப பிரபு. தம்பி, நீங்க சொல்ற (n+1)/2 தப்பில்ல, ஆனா அது வேற ஊருக்குப் போற பஸ். 50 பேர் மார்க்கும் தனித்தனியா கையில இருந்து ஏறுவரிசைல நிக்க வச்சா 25வது ஆளுக்கும் 26வது ஆளுக்கும் நடுவுல எடுப்போம், அங்க 25.5 சரி. அட்டவணைல ஆளே கிடையாது. 14 பேர் 20.5-லேர்ந்து 30.5 வரைக்கும் சீரா பரவி இருக்காங்கன்னு வச்சுக்கிட்டு, மொத்தத்தையும் சரிபாதியா வெட்டுற இடத்தைத்தான் தேடுறோம். பாதின்னா 25.

நம்பலன்னா ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. கீழேர்ந்து எண்ணாம மேலேர்ந்து எண்ணுங்க. மேல 6+18 = 24 பேர், இன்னும் 1 ஆள் வேணும், 30.5-லேர்ந்து கீழ இறங்கணும்:

```
கீழிருந்து: 20.5 + (25 - 12)/14 × 10 = 29.79
மேலிருந்து: 30.5 - (25 - 24)/14 × 10 = 29.79
```

ரெண்டும் ஒரே இடம். இதையே 25.5 வச்சுப் போட்டா கீழேர்ந்து 30.14, மேலேர்ந்து 29.43. ஒரே கூட்டத்துக்கு எந்தப் பக்கம் நின்னு எண்ணுறோம்ங்கிறதைப் பொறுத்து நடு மாறுமா?

---

பிரபு92 · 10:55

அட, மேலேர்ந்து எண்ணிப் பாக்கணும்னு தோணவே இல்ல சார். போட்டுப் பாத்தேன், வித்தியாசம் வருது. சரி அப்ப வகைப்படுத்தாத தரவுக்கு மட்டும் n+1. ஆனா ஒண்ணு சார், 5000 பேர் இருந்தா 2500க்கும் 2500.5க்கும் பெருசா என்ன வந்துடப்போகுது, இதுக்குப் போய் மார்க் கட் பண்ணுவாங்களா?

---

ஓய்வு_கணக்கு · 11:02

5000 பேர் கணக்கை பரீட்சைல கேக்க மாட்டாங்க தம்பி, 50தான் கேப்பாங்க 😄

---

ஹரி_பத்தாம்வகுப்பு · 11:05

சார் என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. முகடு 18 ஏன் இல்ல?

---

ஓய்வு_கணக்கு · திங்கள் காலை 6:20

ஹரி, 18ங்கிறது ஆளுங்க எண்ணிக்கை. முகடு மார்க்கா வரணும். அதிகமா வித்த சட்டை என்ன சைஸ்னு கடைக்காரர்கிட்ட கேட்டா 40ன்னு சைஸைச் சொல்லுவாரா, இல்ல 18 சட்டை வித்துச்சுன்னு சொல்லுவாரா? 18 நமக்கு எந்தப் பிரிவுல தேடணும்னு மட்டும் காட்டுது, 31-40. அதுக்குள்ள எந்த இடம்ங்கிறதுதான் கணக்கு.

செல்வி மேடம், உங்க பொண்ணோட முகட்டுக்கு இங்க வர்றேன். முகடு அந்தப் பிரிவோட சரியா நடுவுல இருக்கணும்னு இல்ல, பக்கத்து வீடுகளைப் பொறுத்து சாயும். இடது பக்கத்து வீட்ல 14 பேர், வலது பக்கத்து வீட்ல 6 பேர்தான். கூட்டம் இடது பக்கம்தான் இருக்கு, அப்ப முகடு நடுப்புள்ளி 35.5க்கு இடது பக்கம்தான் சாயணும். உங்க பொண்ணு 38.5 எழுதிருக்கா, வலது பக்கம் போயிருச்சு. 14ஐயும் 6ஐயும் இடம் மாத்திப் போட்டிருக்கா, எல்லையும் பழையபடி 31.

```
L = 30.5,  f1 = 18,  f0 = 14,  f2 = 6
30.5 + (18 - 14)/(2×18 - 14 - 6) × 10
= 30.5 + 4/16 × 10 = 33
```

இதை நான் வகுப்புல வேற மாதிரி சொல்லுவேன். 18லேர்ந்து இடது பக்கம் இறங்குறது 4 படி, வலது பக்கம் இறங்குறது 12 படி. மொத்தம் 16. பிரிவோட அகலத்தை 4க்கு 12ன்னு பங்கு போடு, இடது எல்லைலேர்ந்து கால் பங்கு தூரம், 2.5. அவ்வளவுதான். கீழ இருக்கிற 16 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுட்டா f0, f2 எது எதுன்னு மாத்திப் போட மாட்டாங்க.

---

டேட்டா_குமார் · திங்கள் 10:15

ஆபீஸ்ல சும்மா எக்செல்ல போட்டுப் பாத்தேன், திட்டவிலக்கம் 11.14ம் இல்ல 34.41ம் இல்ல, 15.81 வருது. நடுப்புள்ளி அஞ்சையும் A2-லேர்ந்து A6 வரை போட்டேன், பக்கத்துல நிகழ்வெண் B2:B6, அப்புறம் `=STDEV.S(A2:A6)`. கைடை ரொம்ப நம்பாதீங்க.

---

ஓய்வு_கணக்கு · 10:40

குமார் சார், அந்த ஃபார்முலா B பக்கம் திரும்பியே பாக்கல. 5.5, 15.5, 25.5, 35.5, 45.5ன்னு அஞ்சே அஞ்சு பேர் இருக்கிற வகுப்புக்கு நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. 35.5ல 18 பேர் நிக்கிறாங்க, 5.5ல 4 பேர்தான், அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். நடுவுல கூட்டம் அதிகம், ஓரத்துல குறைவு, அப்ப உண்மையான சிதறல் 15.81ஐ விட குறைவா வரணுமா இல்லையா?

---

டேட்டா_குமார் · 11:30

ஆமா சார் ஒத்துக்கிறேன் 🙏 திருத்திட்டேன்:

```
=SQRT(SUMPRODUCT(B2:B6,A2:A6^2)/SUM(B2:B6)
 -(SUMPRODUCT(B2:B6,A2:A6)/SUM(B2:B6))^2)
```

11.14 வந்துருச்சு. ஆனா சார், நாங்க வேலைல எப்பவுமே n−1ஆலதான் வகுப்போம், அப்படிப் போட்டா 11.26 வருது. ஸ்கூல்ல n போடச் சொல்றது பழைய முறைன்னு கேள்விப்பட்டேனே?

---

ஓய்வு_கணக்கு · 12:05

பழசு புதுசு இல்ல சார். இந்த 50 பேர்தான் மொத்த வகுப்புமே, இவங்களோட சிதறல் எவ்வளவுன்னுதான் கேள்வி, அப்ப 50ஆல வகுக்கணும். ஒரு மாவட்டத்துல ஆயிரக்கணக்குல பசங்க எழுதினதுல 50 பேரை மட்டும் எடுத்து மாவட்டத்தோட சிதறலை மதிப்பிடணும்னா 49. டென்த் பாடத்துல முதல் வகைதான் கேக்கிறாங்க. வீட்ல பழைய கேசியோ fx-991MS வச்சிருக்கிறவங்க கவனிங்க, அதுல `xσn` ஒண்ணு, `xσn-1` ஒண்ணு, ரெண்டு இருக்கும். டிகிரி படிக்கிற அண்ணன் கால்குலேட்டரை வாங்கி செக் பண்ணிட்டு புத்தகம் தப்புன்னு என்கிட்ட சண்டைக்கு வந்த பிள்ளைங்க உண்டு.

---

செல்வி_மதுரை · மதியம் 2:10

சார் எங்க பொண்ணு 34.41 எப்படி வந்துச்சுன்னு யாரும் சொல்லல. ராத்திரி ரெண்டு தடவை போட்டுட்டா, ரெண்டு தடவையும் அதேதான். நோட்டை பாத்து டைப் பண்றேன், A = 25.5 எடுத்திருக்கா, d = −2, −1, 0, 1, 2. fd = −8, −8, 0, 18, 12, மொத்தம் 14. fd² = 64, 64, 0, 324, 144, மொத்தம் 596.

---

பிரபு92 · 2:25

மேடம் கண்டுபிடிச்சுட்டேன்!! fd-ஐ வர்க்கப்படுத்திருக்கா. −8ஐ வர்க்கப்படுத்தி 64. fd²ன்னா d-க்கு மட்டும்தான் வர்க்கம், f அப்படியே பெருக்கணும். முதல் வரிசை 4 × (−2)² = 4 × 4 = 16.

---

ஓய்வு_கணக்கு · 2:50

பிரபு தம்பி, அடிச்சீங்க பாருங்க. அதேதான்.

```
d :   -2   -1    0    1    2
f :    4    8   14   18    6
fd:   -8   -8    0   18   12    → 14
fd²:  16    8    0   18   24    → 66

சராசரி = 25.5 + 10 × 14/50 = 28.3
σ = 10 × √(66/50 - (14/50)²)
  = 10 × √(1.32 - 0.0784) = 11.14
```

ஒரு சின்ன உத்தி, fd² நெடுவரிசையை புதுசா கணக்குப் போட வேண்டாம். ஏற்கனவே இருக்கிற fd-ஐ இன்னொரு தடவை d-ஆல பெருக்குனா போதும். −8 × −2 = 16, −8 × −1 = 8, 18 × 1 = 18, 12 × 2 = 24. இந்த வழில போனா 64 வர வாய்ப்பே இல்ல.

ஆனா எனக்கு வருத்தம் என்னன்னா 34.41ஐப் பாத்ததும் பேனாவைக் கீழ வச்சிருக்கணும். மார்க் எல்லாம் 0.5க்கும் 50.5க்கும் நடுவுல இருக்கு, மொத்த வீச்சே 50தான். பாதிப் பேர் இந்தக் கோடிலயும் பாதிப் பேர் அந்தக் கோடிலயும் போய் நின்னாக்கூட, n-ஆல வகுக்கும்போது திட்டவிலக்கம் 25ஐத் தாண்டாது. நம்ம அட்டவணைல கூட்டம் நடுவுலதான் இருக்கு, அப்ப 25க்கு ரொம்பக் கீழதான் இருக்கணும். 34ங்கிறது நடக்கவே நடக்காத எண். ரெண்டு தடவை போட்டு ஒரே விடை வந்தா சரின்னு இல்ல மேடம், ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணலாம்.

---

ரவி_களப்பணி · இரவு 7:35

இந்த இழையைப் படிச்சதும் எனக்கு ஒரு பழைய வயித்தெரிச்சல் ஞாபகம் வந்துருச்சு. நான் ஒரு சுகாதார சர்வேல வேலை பாத்தேன், ஆளுங்க வயசை 20-29, 30-39, 40-49ன்னு போட்டு வச்சிருந்தோம். ரிப்போர்ட் எழுதினவர் ஸ்கூல் புத்தகத்துல இருக்கிற மாதிரியே 19.5-29.5ன்னு திருத்தி இடைநிலை போட்டுட்டார். எனக்கு அப்பவே உறுத்துச்சு. 29 வயசுன்னு சொல்றவருக்கு 29 வருசம் 11 மாசமும் இருக்கலாம், அவர் 20-29லதான் இருக்கார். 19 வருசம் எட்டு மாசம் ஆனவர் 19தான்னு சொல்லுவார், அவர் 20-29க்குள்ள வரவே மாட்டார். அப்ப 19.5லேர்ந்து ஏன் ஆரம்பிக்கணும்? சார் சொல்ற அரை விதி இங்க சரியா?

---

ஓய்வு_கணக்கு · 8:15

ரவி சார், நீங்க சொல்றதுதான் சரி. சென்சஸ்லயும் நிறைவடைஞ்ச வயசைத்தான் கேப்பாங்க. அப்படிப்பட்ட வயசுக்கு 20-29ன்னா 20லேர்ந்து 30ஐத் தொடுற வரைக்கும். எல்லை 20, 30. நடுப்புள்ளி 25, 24.5 இல்ல.

அரை விதி எங்க பொருந்தும்னா, பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்ட் பண்ணின அளவுல. உயரம் 150 செ.மீ.ன்னு எழுதினா அது 149.5லேர்ந்து 150.5க்குள்ள எங்கயோ. மார்க்குக்கும் அதே மாதிரி வச்சுக்கிறோம். வயசை நாம ரவுண்ட் பண்றதில்ல, மிச்ச மாசத்தை வெட்டி எறிஞ்சுடுறோம். அதனால உங்க ரிப்போர்ட்ல சராசரி, இடைநிலை, முகடு மூணுமே அரை வருசம் குறைவா வந்திருக்கும். மேல சராசரிக்கு எல்லை முக்கியமில்லன்னு சொன்னேன்ல, அது ரெண்டு பக்கமும் அரை அரை நகரும்போதுதான். இங்க நடுப்புள்ளியே நகருது. திட்டவிலக்கம் மட்டும் மாறாது, எல்லாருமே ஒரே மாதிரி அரை வருசம் தள்ளி நின்னா சிதறல் அப்படியேதானே இருக்கும்.

---

ஹரி_பத்தாம்வகுப்பு · 8:22

சார் அப்ப பரீட்சைல வயசு கணக்கு 20-29ன்னு வந்தா 19.5 போடணுமா 20 போடணுமா??

---

ஓய்வு_கணக்கு · 8:30

பரீட்சைல 19.5 போடு. திருத்துறவங்க கையில இருக்கிற விடைக்குறிப்புல அதுதான் இருக்கும்.

---

ரவி_களப்பணி · 8:41

சார் மன்னிக்கணும், இதை நான் ஒத்துக்க மாட்டேன். தப்புன்னு நீங்களே சொல்லிட்டு அதையே எழுதச் சொன்னா அந்தப் பையன் நாளைக்கு ரிப்போர்ட் எழுதும்போதும் அதையேதான் எழுதுவான். எங்க ரிப்போர்ட்ல நடந்தது அதுதானே. 20 போட்டு, நிறைவடைஞ்ச வயசுன்னு ஒரு வரி காரணம் எழுதினா என்ன?

---

ஓய்வு_கணக்கு · 8:58

எழுதலாம். அஞ்சு மார்க்ல அந்த ஒரு வரியைப் படிக்கிற பொறுமை திருத்துறவருக்கு அன்னைக்கு இருக்கணும், கட்டு கட்டா பேப்பர் கிடக்கும். நான் திருத்தியிருந்தா முழு மார்க் போட்டிருப்பேன். எல்லாரும் போடுவாங்கன்னு உறுதி குடுக்க முடியல.

---

யாழ்_நிலா · 9:10

நான் ரவி அண்ணா பக்கம். வயசை 20-29 எண்டு போடாமல் 20-30, 30-40 எண்டு கேள்வியிலயே போட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

---

செல்வி_மதுரை · 9:25

பொண்ணு திரும்பப் போட்டுட்டா, நாலும் கைடோட சேந்துருச்சு. இப்ப புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா. 3 × 29.79 − 2 × 28.3 போட்டா 32.77 வருதாம், முகடு 33க்குப் பக்கத்துல இருக்கு, அப்ப இதையே முகடா எழுதிடலாமான்னு கேக்கிறா.

---

ஓய்வு_கணக்கு · 9:40

எழுதக் கூடாது மேடம். அது அனுபவத்துல பாத்த உறவு, லேசா ஒரு பக்கம் சாய்ஞ்ச பரவலுக்கு ஏறக்குறைய வரும், அவ்வளவுதான். விடையைச் சரிபாக்க வச்சுக்கச் சொல்லுங்க, முதல்ல எழுதின 38.5 இதுலயே மாட்டிருக்கும். கேள்வில அந்த உறவைப் பயன்படுத்துன்னு கேட்டா மட்டும் போடலாம்.

---

ஹரி_பத்தாம்வகுப்பு · 9:44

சார் கடைசியா ஒண்ணு. 41-50லயும் 18 பேர் இருந்தா முகடு எது?

---

ஓய்வு_கணக்கு · 9:52

f2 = 18 போட்டு நீயே பாரு. மேல 4, கீழ 36 − 14 − 18 = 4. அப்ப 30.5 + 10 = 40.5, ரெண்டு பிரிவும் தொடுற எல்லைல போய் உக்காரும். இப்ப 41-50ஐ முகட்டுப் பிரிவா எடுத்துப் போடு, அங்கயும் அதே 40.5 வருதான்னு சொல்லு. அதுக்கு வலது பக்கம் யாரும் இல்ல, f2 என்னன்னு நீதான் யோசிக்கணும்.

---

ஹரி_பத்தாம்வகுப்பு · 10:03

f2 = 0. மேல 18−18 = 0. அதனால 40.5 + 0. வந்துருச்சு சார்!!

---

ரவி_களப்பணி · 10:20

பையன் நல்லா போடுறான். தம்பி, வயசு கணக்குல 20ன்னே போடு, நான் சொல்றேன்.